புதுப்பிப்பு: பட்ஜெட் வெட்டும் திரும்பப் பெற்ற ஆஃபரும்

முன்பு நான் இங்கே கேட்டது: "ஆஃபர் லெட்டர் கொடுத்தாச்சு, அவரும் ராஜினாமா செய்துவிட்டார். இப்போது அந்த இடத்துக்கான பட்ஜெட்டே போய்விட்டது. எப்படிச் சொல்வது?"

மெயிலுக்கு முன் போன் செய்யச் சொன்ன ஹெச்ஆர் அக்காவுக்கு நன்றி. "பட்ஜெட் போய்விட்டது, ஆஃபரைத் திரும்பப் பெறுகிறோம், மன்னித்துவிடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "இன்டர்வியூவில் ஏதாவது குறையா சார்?" என்றார். இல்லை என்பதை மெயிலிலும் எழுதினேன். அடுத்த இடத்தில் காட்ட உதவும்.

நோட்டீஸ் காலம் முடியாததால், ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று அன்றே அவருடைய இப்போதைய கம்பெனி மேனேஜரிடம் கேட்கச் சொன்னேன். மாற்று ஆள் எடுத்துவிட்டால் கதவு மூடிவிடும். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் சம்மதத்தோடு ரெஸ்யூமேயை எனக்குத் தெரிந்த இரண்டு டீம்களுக்கு அனுப்பினேன். ஒன்றில் இன்டர்வியூ உண்டு.

"சேரவில்லையே, எதுவும் தர வேண்டியதில்லை" என்றார் ஒரு நண்பர். லெட்டரில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பித்தானே அவர் வேலையை விட்டார்? அவருக்கு ஒரு மாதச் சம்பளம் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஃபைனான்ஸ் இழுத்தடிக்கிறது.

கேம்பஸ் ஆஃபரில் சேர்வது தள்ளிப்போனதைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: உங்களுடையது ரத்து இல்லை, சேரும் தேதியை எழுத்தில் கேளுங்கள்.