தெங்கோவா, தியெங்கோவா? ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே ஸ்பானிஷ் படிக்கிறேன். நிகழ்கால வினைகளில் மாட்டிக்கொண்டேன்.

'போதேர்' (முடிதல்) ஒருவழியாகப் பிடிபட்டது. நான், நீ, அவன், அவர்கள் என்றால் புவேதோ, புவேதெஸ், புவேதே, புவேதென். நாம் என்றால் மட்டும் பழையபடி போதேமோஸ். 'நீங்கள்' வடிவமும் அப்படித்தான். அழுத்தம் வேரில் விழும்போதுதான் 'ஒ' உடைந்து 'உவே' ஆகிறது. போதேமோஸில் அழுத்தம் 'தே'க்குப் போய்விடுவதால் வேர் தப்பிக்கிறது. நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி, மாறும் நாலையும் சுற்றிக் கோடு போட்டால் பூட்ஸ் மாதிரி வருகிறது. என் தம்பி அதைப் பார்த்துச் சிரிக்கிறான், ஆனால் மறப்பதில்லை.

சிக்கல் 'தெனேர்' (வைத்திருத்தல்). தியெனெஸ், தியெனே, தியெனென் எல்லாம் சரி. 'நான்' மட்டும் தெங்கோ! போன வாரம் தியெங்கோ என்று எழுதிச் சிவப்பு மை வாங்கினேன். 'வெனிர்' (வருதல்) இதே மாதிரி: வெங்கோ, வியெனெஸ். ஆனால் 'தெசிர்' (சொல்லுதல்) திகோ, திசெஸ் என்று 'நான்' வடிவத்திலும் 'இ' ஆகிவிடுகிறது.

இப்போதைக்கு தெங்கோ, வெங்கோ, திகோ மூன்றையும் சேர்த்து ராகம் போட்டுப் படிக்கிறேன். அப்புறம், 'கொமேர்' (சாப்பிடுதல்) மாறாமல் கொமோ என்றே நிற்கிறதே. மூலவடிவத்தைப் பார்த்தே எது உடையும் என்று கண்டுபிடிக்க வழி உண்டா, மனப்பாடம்தானா?