ஆலைக்கு எழுதும் கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

எங்கள் கரும்பு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் சார்பில் எடைக் குறைவுக்கு விளக்கம் கேட்டு ஆலைக்கு எழுதப் போகிறோம். ஒரு லாரிக் கணக்கை மட்டும் எடுத்திருக்கிறேன்.

ஊர் எடைமேடையில் லோடோடு 27,360 கிலோ, காலி வண்டி 8,900. நிகரம் 18,460. ஆலை யார்டில் 26 மணி நேரம் நின்ற பிறகு லோடோடு 26,820, காலி 9,100. நிகரம் 17,720. குறைவு 740 கிலோ.

இதில் 540 கிலோ லோடு எடையில் குறைந்தது. வெயிலில் காய்ந்தது என்பார்கள், சரி, ஓரளவு உண்மைதான். ஆனால் காத்திருக்க வைத்தது யார்? மீதி 200 கிலோ காலி வண்டி எடை கூடியதால் வந்தது. வண்டி காயுமே தவிர கனக்குமா? தோகையும் துண்டுக் கரும்பும் தட்டில் ஒட்டியிருந்ததை டிரைவரே பார்த்திருக்கிறார்.

வரைவில் உள்ள வரி: “வண்டி உள்ளே வந்த நேரம், இரு எடைகளின் நேரம், எடைமேடையின் முத்திரைச் சான்று நகல் ஆகியவற்றைத் தரவும்; காலி எடை கூடியதற்குக் காரணம் தெரிவிக்கவும்.”

ஊர் மேடையும் சரியாக இருந்ததா என்று திருப்பிக் கேட்பார்கள். அதனால் அதன் முத்திரைச் சான்றையும் இணைக்கிறோம். கடிதத்தின் நகலைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்கு இப்போதே அனுப்பலாமா, பதில் வந்த பிறகா? இப்படி எழுதிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.