உதவி: மின்புலம் தூரத்தோடு மாறும்போது மின்னழுத்த வேறுபாட்டின் குறி தலைகீழாக வருகிறது

ரோஸ்ஹில் மாணவி

வணக்கம். எச்.எஸ்.சி. படிக்கிறேன். காவடி விடுமுறை முடிந்ததும் கொடுக்க வேண்டிய பயிற்சித்தாளில் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

x = 0 இல் +2 நானோகூலூம் புள்ளி மின்னூட்டம் இருக்கிறது. அதனால் x அச்சின் வழியே மின்புலம் E = 18/x², மீட்டருக்கு இவ்வளவு வோல்ட் என்ற அளவில். A என்ற புள்ளி 10 சென்டிமீட்டரிலும் B 30 சென்டிமீட்டரிலும் உள்ளன. B இலிருந்து A வரை தொகையிட்டு V_A − V_B காண வேண்டும். நான் செய்தது இது:

```
V_A − V_B = −∫ E·dl          (B → A)
E·dl = E dx cos 180° = −E dx
V_A − V_B = +∫ (18/x²) dx    (0.30 → 0.10)
          = 18 [−1/x]
          = 18 (−10 + 3.33) = −120 V
```

நேர் மின்னூட்டத்துக்கு அருகில் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே +120 தான் சரி. ஆனால் எந்த வரியில் சறுக்குகிறேன் என்று புலப்படவில்லை. நகர்வு இடப்பக்கம், புலம் வலப்பக்கம், கோணம் 180°. இதில் என்ன தப்பு?

குவாத்ர்போர்ன் டியூஷன்

தங்கையே, இதற்கு இவ்வளவு பாடுபட வேண்டாம். புலம் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் போகப் போக அழுத்தம் குறையும். எனவே A தான் உயரம், குறி நேர். அதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு அளவை மட்டும் கணக்கிடுங்கள். அளவுக்கும் தொகையீடு தேவையில்லை. A இல் புலம் 1800, B இல் 200, சராசரி 1000. இடைவெளி 0.20 மீட்டர். பெருக்கினால் 200 வோல்ட். உங்கள் 120 எங்கிருந்து வந்தது என்றுதான் எனக்குச் சந்தேகம்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், வாக்கோவா

டியூஷன் தம்பி குறியைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அளவைப் பற்றிச் சொன்னது சரியில்லை. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலில் மாணவியின் கேள்வி. அம்மா, நீங்கள் திசையை இரண்டு முறை கணக்கில் எடுத்திருக்கிறீர்கள். cos 180° போட்டபோது ஒரு முறை. எல்லைகளை 0.30 இலிருந்து 0.10 என்று எழுதியபோது இன்னொரு முறை. x குறைந்துகொண்டே போகிறது என்றால் dx தானாகவே எதிர்க்குறி உடையது. அதைச் சொல்வதற்காகத்தான் எல்லைகள் அந்த வரிசையில் இருக்கின்றன. அதன்மேல் cos 180° என்று இன்னொரு எதிர்க்குறியை வைத்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

தப்பிக்க இரண்டு வழிகள் உண்டு, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கோணத்தை மறந்துவிட்டு E·dl = E dx என்று மட்டும் எழுதுவது:

```
V_A − V_B = −∫ (18/x²) dx    (0.30 → 0.10)
          = 18 [1/x] = 18 (10 − 3.33) = +120 V
```

மற்றொன்று, உங்கள் 180° ஐ வைத்துக்கொள்வது. ஆனால் அப்போது மாறி x ஆக இருக்கக் கூடாது. B இலிருந்து நடந்த தூரம் s ஆக இருக்க வேண்டும். அது 0 இலிருந்து 0.20 வரை கூடிக்கொண்டே போகும், எப்போதும் நேர்க்குறி. புலம் 18/(0.30 − s)² ஆகிவிடும். தொகையிட்டுப் பாருங்கள், அதே +120 வரும். இது நீளமான வழி. நான் வகுப்பில் ஒருபோதும் இதை விரும்பியதில்லை.

இனி அந்த 200. இரு முனைகளின் சராசரியைத் தூரத்தால் பெருக்குவது, புலம் நேர்கோடாகக் குறைந்தால் மட்டுமே பொருந்தும். இங்கே வரைபடம் தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து பிறகு தவழ்கிறது. நட்டநடுவில், 20 சென்டிமீட்டரில், புலம் 1000 அன்று, வெறும் 450. முனைகளை நேர்கோட்டால் இணைத்தால் கோடு முழுவதும் வளைவுக்கு மேலேயே கிடக்கும், பரப்பு மிகையாக வரும். நடுமதிப்பை மட்டும் எடுத்தால் 450 × 0.20 = 90, இது குறைவு. உண்மை இரண்டுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். 120 அங்கே இருக்கிறது. 200 என்று விடை வந்தால் 90 ஐயும் போட்டுப் பாருங்கள்; இரண்டும் இவ்வளவு விலகி நின்றால் சராசரியை நம்பக் கூடாது.

குவாத்ர்போர்ன் டியூஷன்

ஐயா, ஒன்று கவனித்தேன். 1800 ஐயும் 200 ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 600. அதை 0.20 ஆல் பெருக்கினால் சரியாக 120! அப்படியானால் கூட்டிச் சராசரி எடுப்பதற்குப் பதில் பெருக்கிச் சராசரி எடுத்தால் போதும் அல்லவா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், வாக்கோவா

நல்ல கண்! 1/x² புலத்துக்கு அது துல்லியமாகவே வரும்: 1/a − 1/b என்பது (b − a)/ab தானே. ஆனால் அதற்கு மட்டும்தான். நீண்ட மின்னேற்றிய கம்பிக்குப் புலம் 1/x போலக் குறையும். அங்கே A இல் அதே 1800 என்றால் B இல் 600 இருக்கும். உங்கள் வழியில் 208 வோல்ட் வரும், மடக்கை போட்டுச் சரியாகச் செய்தால் 198. தேர்வில் இதை விடையைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள், விடையாக எழுத வேண்டாம்.

த்ரியோலே தோட்டக்காரர்

மாணவியின் கேள்வி எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் 2024 ஜனவரியில் பெலால் புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் கரும்புக்காட்டு ஓரத்தில் மின்கம்பி அறுந்து கிடந்தது. பக்கத்தில் போனால் கால்களைச் சேர்த்து வைத்துத் தத்தித் தத்தி விலக வேண்டும் என்றார்கள். கம்பியைத் தொடாமலேயே எப்படி அடிக்கும்? இரண்டு கால்களுக்கு நடுவில் அழுத்த வேறுபாடு என்றார்களே, அதுவும் இதே கணக்குத்தானா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், வாக்கோவா

அதே கணக்குத்தான் ஐயா. கம்பி முனை தரையைத் தொடும் இடத்திலிருந்து மின்னோட்டம் மண்ணுக்குள் அரைக்கோளமாகப் பரவுகிறது. அதனால் தரையின் வழியே புலம் 1/r² போலவே குறைகிறது. 18 க்குப் பதிலாக ρI/2π வரும். ρ மண்ணின் மின்தடைத்திறன், I பாயும் மின்னோட்டம். 100 ஓம் மீட்டர் மண்ணில் 100 ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 1592. ஒரு கால் 5 மீட்டரிலும் மற்றது 6 மீட்டரிலும் இருந்தால் முதல் வரி, 1 மீட்டரிலும் 2 மீட்டரிலும் இருந்தால் இரண்டாம் வரி:

```
1592 × (1/5 − 1/6) ≈ 53 V
1592 × (1/1 − 1/2) ≈ 796 V
```

கால்களுக்கு இடையிலான தூரம் ஒரே அளவுதான், இடம் மாறியதும் அழுத்த வேறுபாடு பதினைந்து மடங்கு. கால்களைச் சேர்த்து வைத்தால் இரு புள்ளிகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன, வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் இந்த எண்களை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். மழைக்குப் பிறகு மேல்மண் ஈரம், அடியில் எரிமலைப் பாறை, எல்லா இடத்திலும் ρ ஒன்றாக இருக்காது. கம்பி நீளவாக்கில் கிடந்தால் புள்ளியாகக் கொள்ளவும் முடியாது.

ரோஸ்ஹில் மாணவி

நன்றி ஐயா. முதல் வழியிலேயே எழுதிவிட்டேன், +120. ஒரே ஒரு கேள்வி. எங்கள் ஆசிரியர் கோணத்தை எழுதாவிட்டால் வழிமுறை மதிப்பெண் குறைப்பார். E·dl = E dx என்று நேரடியாக எழுதினால் போதுமா?

குவாத்ர்போர்ன் டியூஷன்

குறைப்பார்கள். என் மாணவர்களை cos 180° எழுதத்தான் சொல்கிறேன், அடுத்த வரியில் dl = −dx என்று சேர்த்து.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், வாக்கோவா

நான் திருத்திய காலத்தில் குறைத்ததில்லை. புலமும் அச்சும் ஒரே திசை என்று ஒரு வரி எழுதினால் போதும் என்பது என் கருத்து. ஆனால் தாளைத் திருத்தப்போவது நான் இல்லை. உங்கள் ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.