கலைச்சொல் வேண்டும்: மடிக்கணினி விசைக்கு அடியில் இருக்கும் சிசர் கிளிப்

பூங்கொடி, பெரம்பூர்

அனைவருக்கும் வணக்கம்.

மடிக்கணினி பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஒரு வகுப்புக்காகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கழன்று வந்த விசையைத் திரும்ப மாட்டும் பகுதியில் மூன்று சொற்களிடம் நிற்கிறேன்: விரல் படும் கீகேப், அதன் அடியில் இருக்கும் சிசர் கிளிப், இவையெல்லாம் சேர்ந்த முழு செட்.

இது எனக்கு ஏட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. போன வாரம் அக்கா மகன் என் கணினியில் எஃப் விசையை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டான். தமிழ்99இல் அதுதானே புள்ளி விசை! அடியில் இருக்கும் ரப்பரை விரல் நுனியால் அழுத்தி அழுத்தித்தான் இந்த மடலில் ஒவ்வொரு புள்ளியும் வைக்கிறேன்.

என் முன்மொழிவு: விசைமூடி, கத்தரிக் கவ்வி, விசைத்தொகுதி. உங்கள் கருத்து?

கார்த்திக், வேளச்சேரி

பூங்கொடி, விசைமூடி சரி. கத்தரிக் கவ்வி சரியில்லை. அது எதையும் கவ்வுவதில்லை. விசையை அழுத்தியதும் மேலே எழுப்பும் வில் அது. "விசைவில்" என்று வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

சுந்தரமூர்த்தி, மயிலாப்பூர்

அன்புடையீர், "கத்தரி" என்றதும் சென்னைவாசிகளுக்கு வெயிலும் காயும்தான் நினைவுக்கு வரும். பிளவுபட்டு நிற்பதற்கு நம்மிடம் "கவை" என்ற பழஞ்சொல் இருக்கிறது. கவட்டை, கவடு எல்லாம் அதன் உறவுகள். இரட்டைப் பிள்ளைகளைச் சங்கப் பாட்டு "கவைமக" என்கிறது. ஒன்றாக நின்று இரண்டாகப் பிரியும் இந்தப் பொருளுக்குக் "கவை" என்ற ஒரே சொல் போதும். கத்தரியும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம்.

ரஃபீக், ரிச்சி தெரு

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். பதினைந்து வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். கடையில் நாங்கள் கேப், கிளிப், ரப்பர் என்போம். பெயர் வைப்பதற்கு முன்னால் அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கார்த்திக் தம்பி, கிளிப்பில் வில் கிடையாது. விசையை மேலே எழுப்புவது நடுவில் இருக்கும் ரப்பர் குமிழ். கிளிப்பின் வேலை கேப்பைச் சாயாமல் ஏறி இறங்க வைப்பது. மூலையில் அழுத்தினாலும் முழு கேப்பும் மட்டமாக இறங்குகிறதே, அது கிளிப்பால்தான். "விசைவில்" என்று எழுதினால், விசை எழும்பவில்லை என்றதும் மாணவன் கிளிப்பை மாற்றுவான். கெட்டுப்போனது ரப்பராக இருக்கும்.

ஐயா, கவட்டை ஒரு காம்பில் இரண்டாகப் பிரியும். இது அப்படி இல்லை. பெரிய சட்டம் ஒன்று, அதற்குள் சின்னச் சட்டம் ஒன்று. இரண்டும் நடுவில் முளையால் கோத்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் பெருக்கல் குறி. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு முனை ஓரிடத்தில் நின்று சுழலும், மறுமுனை சறுக்கும். ஒரு சட்டம் கீழே தகட்டில் சுழன்று மேலே கேப்பில் சறுக்கும். மற்றது கீழே சறுக்கி மேலே சுழலும். அதனால்தான் கேப்பைத் திருப்பிப் பார்த்தால் ஒரு விளிம்பில் முளை சட்டென்று விழும் இரண்டு கொக்கிகளும், எதிர் விளிம்பில் முளை வழுக்கும் இரண்டு பள்ளங்களும் இருக்கும். எது மேல் விளிம்பு, எது கீழ் விளிம்பு என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

அக்கா, ரப்பரை அழுத்தினால் புள்ளி விழுகிறது என்றீர்கள். அப்படியென்றால் அடியில் உள்ள படலம் நன்றாக இருக்கிறது. கிளிப் எங்கே இருக்கிறது, தகட்டிலா, கேப்போடு வந்துவிட்டதா?

மேரி, ராயபுரம்

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினியின் இடைவெளி விசை கழன்றது. நானே மாட்டினேன், மாட்டிவிட்டது. ஆனால் நடுவில் அழுத்தினால்தான் வேலை செய்கிறது, ஓரத்தில் அழுத்தினால் சாய்கிறது. மேசையில் ஒரு சின்னக் கம்பி கிடந்தது, அது எதற்கென்று தெரியாமல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். இதற்கும் கிளிப்தான் காரணமா?

ரஃபீக், ரிச்சி தெரு

மேரி டீச்சர், அந்தக் கம்பிதான் காரணம்! நீளமான விசைகளில் கிளிப்போடு கம்பியும் இருக்கும். இடது கோடி இறங்கினால் வலது கோடியையும் சேர்த்து இழுப்பது அதுதான். முதலில் கம்பியைக் கேப்பின் அடியில் மாட்டி, அதன் வளைந்த இரண்டு நுனிகளையும் தகட்டுக் கொக்கிகளுக்குள் நுழைத்து, அப்புறம் கேப்பை அழுத்துங்கள்.

பூங்கொடி, பெரம்பூர்

கிளிப் கேப்போடு வந்து, இரண்டு சட்டமாகப் பிரிந்துவிட்டது தம்பி. நேற்று இரவு கோத்துத் தகட்டில் வைத்தேன். ஆனால் அழுத்தினால் தட்டையாகப் படுக்கவில்லை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உடைந்துவிட்டதா?

சொல் விஷயத்தில், கவ்வியை விட்டுவிடுகிறேன். "கத்தரிக் கீல்" எப்படி? கதவுக் கீல் எல்லோருக்கும் தெரியும்.

ரஃபீக், ரிச்சி தெரு

உடையவில்லை அக்கா, சின்னச் சட்டத்தைத் தலைகீழாகக் கோத்திருப்பீர்கள். அடிக்கடி நடப்பதுதான். சரியாகக் கோத்தால் மேசையில் வைத்து அழுத்தும்போது இரண்டு சட்டமும் ஒரே மட்டத்தில் படுக்கும். தூக்கிக்கொண்டால் சின்னதைக் கழற்றித் திருப்பிப் போடுங்கள். அதே அளவுள்ள பக்கத்து விசையின் இடுக்கில் டார்ச் அடித்தால் எந்தச் சட்டம் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரியும்.

கணினியை அணைத்துவிட்டு, கிளிப்பை முதலில் தகட்டில் மாட்டுங்கள். சுழலும் முனையைக் கொக்கிக்குள் விட்டு, சறுக்கும் முனையைக் கொஞ்சம் வளைத்து உள்ளே தள்ள வேண்டும். ஊசி முனை போதும், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிறகு கேப்பைப் பள்ளம் உள்ள பக்கமாகச் செருகி, மறுபக்கத்தை விரலால் அழுத்துங்கள். இரண்டு மூலையிலும் "டிக்" கேட்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் கேட்டால் நிறுத்திவிடுங்கள். மேலும் அழுத்தினால்தான் கொக்கி உடையும்.

சுந்தரமூர்த்தி, மயிலாப்பூர்

தம்பி ரஃபீக் விளக்கியதைக் கேட்டுக் கவையைத் திரும்பப் பெறுகிறேன். பெருக்கல் குறி என்றால் கத்தரிதான்.

ஆனால் கீல் கூடாது. அது வடமொழிக் கீலம். ஆப்பு, முளை என்று பொருள். நம்மிடம் "மூட்டு" இருக்கிறது. முழங்கால் மூட்டு எவ்வளவு அழகாக மடங்குகிறது! "கத்தரி மூட்டு" என்க. போகிற போக்கில் இன்னொன்று: "சாவி" போர்த்துக்கீசியம் என்று விலக்கி "விசை"யை ஏற்றோம். ஆனால் விசை என்பது ஆற்றலையும் குறிக்கிறதே. "விசையை விசையாக அழுத்தாதே" என்று மாணவனுக்கு எப்படிச் சொல்வது?

கார்த்திக், வேளச்சேரி

ஐயா, மெக்கானிக்குக்குக் கீல் தெரியும். "மூட்டு" என்றால் மருத்துவரைத்தான் தேடுவான். தூய்மைக்காகப் புரிதலை விடக் கூடாது.

வில் விஷயத்தில் என் தவறு, ரஃபீக் அண்ணன் சொன்னது சரி. 2015இல் ஆப்பிள் மேக்புக்கில் வந்ததே பட்டாம்பூச்சி அமைப்பு, இரண்டு இறக்கை நடுவில் மடங்குவது, அதையும் கணக்கில் எடுங்கள். 2019இல் 16 அங்குல மேக்புக் புரோவில் மறுபடி கத்தரிக்கே திரும்பினார்கள். பின்சொல் பொதுவாக இருந்தால் கத்தரிக் கீல், பட்டாம்பூச்சிக் கீல் என்று இரண்டுக்கும் பொருந்தும்.

சுந்தரமூர்த்தி, மயிலாப்பூர்

கத்தரி மூட்டு, பட்டாம்பூச்சி மூட்டு என்றாலும் பொருந்துகிறதே.

பூங்கொடி, பெரம்பூர்

தம்பி, சின்னச் சட்டம் தலைகீழாகத்தான் இருந்தது! திருப்பிப் போட்டதும் தட்டையாகப் படுத்தது. ஆனால் கேப்பை மாட்டினால் மூன்று மூலை நிற்கிறது, வலது மேல் மூலை மட்டும் தூக்குகிறது. பத்து எழுத்து அடிப்பதற்குள் கழன்று விழுகிறது.

ரஃபீக், ரிச்சி தெரு

கேப்பைத் திருப்பி அந்த மூலையைத் தொலைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த தழும்பு தெரிந்தால் கொக்கி போய்விட்டது, கேப் மட்டும் மாற்றினால் போதும். அங்கே நன்றாக இருந்தால் கிளிப்பின் அதே மூலை முளையைப் பாருங்கள். எது உடைந்திருந்தாலும் ஒட்டாதீர்கள். சுழல வேண்டிய இடத்தில் பசை போனால் விசை இறுகிவிடும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் மோசம். தகட்டில் இருக்கும் இரும்புக் கொக்கி. வளைந்திருந்தால் மெல்ல ஒருமுறை நிமிர்த்தலாம். ஒடிந்திருந்தால் எந்தக் கிளிப்பும் நிற்காது, விசைப்பலகையே மாற்ற வேண்டும்.

இதனால்தான் "விசைத்தொகுதி"யில் எனக்குக் கவலை. கடையில் செட் என்று விற்பது கேப், கிளிப், ரப்பர் மூன்று மட்டும். தகடும் படலமும் அதில் கிடையாது. கையேட்டில் "விசைத்தொகுதி உடைந்தால் மாற்றுக" என்று எழுதினால், தகட்டுக் கொக்கி ஒடிந்தவரும் செட் வாங்கி வந்து நிற்பார். தினம் ஒருவராவது வருகிறார்.

மேரி, ராயபுரம்

கம்பி மாட்டிவிட்டேன், இடைவெளி விசை இரண்டு ஓரத்திலும் இறங்குகிறது. நன்றி ரஃபீக்.

மூன்று உருப்படிக்கு "மேற்கட்டு", தகட்டுக்கும் படலத்துக்கும் "அடித்தளம்" என்று பிரித்துவிடலாமே. பிள்ளைகளுக்கு மேலே, கீழே என்றால் உடனே புரியும். "விசைமூடி"யும் எனக்கு ஒட்டவில்லை. அது எதையும் மூடுவதில்லையே, விரல் படும் முகம்தானே. "விசைமுகம்" என்று சொல்லிப் பாருங்கள்.

பூங்கொடி, பெரம்பூர்

வெளுத்த தழும்புதான் தம்பி, கேப்பின் கொக்கி. கணினியின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கடைக்கு வருகிறேன். எஃப் செட் ஒன்று எடுத்து வையுங்கள்.

அச்சுக்கு அனுப்பியது இது: விசைமூடி, கத்தரிக் கீல், மேற்கட்டு. மேரி அம்மாவின் மேற்கட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன். "மேற்கட்டு மாற்றியும் நிற்காவிட்டால் தகட்டுக் கொக்கியைப் பார்க்கவும்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். விசைமுகம் பிடித்திருந்தது, ஆனால் மூவர் மூடிக்கே வாக்களித்துத் தனிமடல் போட்டார்கள். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறியில் கிளிப் என்றும் போட்டிருக்கிறேன், கடையில் கேட்க வேண்டுமே.

சுந்தரமூர்த்தி, மயிலாப்பூர்

இரண்டாம் பதிப்பு வரும்போது எனக்கு எழுதுங்கள் அம்மா. மூட்டு பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.