மறு: மறு: rowspan, colspan - இதுக்கு தமிழ்ல ஒரு நல்ல சொல் வேணும்

அனுப்புனது: தக்கலை டைப்பிங் சென்டர்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாசகசாலைக்கு கட்டுரைப்போட்டி கணக்கு டைப் பண்ணிக் குடுக்க சொன்னாங்க, அவங்க குடுத்தது போன்ல எடுத்த படம், அத வெப்பேஜ்ல டேபிளா போடணும். இடப்பக்கம் ரெண்டு வருவாய் கோட்டம், அதுக்குள்ள வட்டங்க. நாகர்கோவில் கோட்டத்துல அகஸ்தீஸ்வரம், தோவாளை. பத்மநாபபுரம் கோட்டத்துல கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர். வலப்பக்கம் "வந்த கட்டுரை"ன்னு ஒரு தலைப்பு, அதுக்கு கீழ பையன், பொண்ணுன்னு ரெண்டா பிரியுது. கடைசி வரிசையில மொத்தம்.

கோட்டம் பேரு ரெண்டு வரிசைக்கு ஒரே கட்டமா இருக்குல்ல, அதுக்கு colspan="2" போட்டேன், அது பக்கத்துல அகலமாச்சு. அப்புறந்தான் rowspan போடணும்னு தெரிஞ்சுது. row-ன்னா வரிசை, வரிசைன்னா இடமிருந்து வலம், அப்போ rowspan போட்டா வலப்பக்கம்தானே நீளணும்? ஏன் கீழ போகுது? என்னைய மாதிரி ஆளுக்கு குழம்பாத மாதிரி ரெண்டுக்கும் தமிழ்ல பேரு சொல்லுங்க, பக்கத்துல ஒரு நோட்டுல எழுதி ஒட்டிக்கிடுதேன்.

அனுப்புனது: நாகர்கோவில் கணக்கு வாத்தியார்

தம்பி, பள்ளிக்கூட அணிகள் பாடத்துல row-வுக்கு நிரை, column-க்கு நிரல்னு ஏற்கனவே இருக்கு, இலங்கையிலயும் அதேதான், புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம். அதனால நிரைப்பரவல், நிரல்பரவல்னு வச்சிரலாம். ஆனா ஒண்ணு, முப்பது வருசமா பாடம் நடத்துறேன், நிரை எது நிரல் எதுன்னு பிள்ளைங்க இன்னும் மாத்தித்தான் எழுதுது. நானே மனசுக்குள்ள ஒருதடவ சொல்லிப் பாத்துட்டுத்தான் போர்டுல எழுதுவேன்.

அனுப்புனது: குளச்சல்

பரவல்னா நோய் பரவல் மாதிரி இருக்கு சார். இவருக்கு சிக்கல் பேருல இல்ல. படத்துல எத்தன கட்டம் இருக்கோ அத்தன `<td>` போட்டுரணும், ஒட்டியிருக்குற இடத்துக்கு காலி `<td>` போட்டா சரியாயிரும். நான் எக்ஸெல்ல இருந்து எடுத்து அப்படித்தான் செய்வேன், இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல.

அனுப்புனது: தக்கலை டைப்பிங் சென்டர்

குளச்சல் அண்ணே சொன்ன மாதிரி தோவாளைக்கு முன்னால காலி `<td></td>` போட்டேன். இப்போ தோவாளை பையன் காலத்துக்கு கீழ போயிட்டு, 11 டேபிளுக்கு வெளிய அஞ்சாவது காலமா பிதுங்கி நிக்கி.

அனுப்புனது: குழித்துறை

மக்கா, குளச்சல்காரர் சொன்னது பாதி சரி. rowspan போடாம காலி கட்டம் மட்டும் போட்டா டேபிள் நேரா நிக்கும், ஆனா நாகர்கோவில்ங்கிறது அகஸ்தீஸ்வரத்துக்கு மட்டும் சொந்தமாயிரும், தோவாளை அனாதையா நிக்கும். rowspan-ம் போட்டு காலி கட்டமும் போட்டா நீ பாத்த பிதுங்கல்தான். எக்ஸெல்ல மெர்ஜ் பண்ணுனா அடியில கட்டம் ஒளிஞ்சு கிடக்கும், இங்க அப்படி கிடையாது, மூடுன இடத்துக்கு `<td>` எழுதவே கூடாது.

இத இப்படி யோசி. வடசேரி ஸ்டாண்டுல மார்த்தாண்டம் பஸ் வந்து நிக்கி, ஒருத்தர் ஜன்னல் வழியா தன் சீட்டுலயும் அதுக்கு அடுத்த வரிசை சீட்டுலயும் துண்டு போட்டுட்டாரு. அடுத்த வரிசைக்கு வர்ற ஆளு துண்டு கிடக்குற சீட்ட விட்டுட்டு காலியா இருக்குற முதல் சீட்டுல தானா போயி உக்காருவாரு. அவருக்காக நாம எடம் விட்டு எழுத வேண்டாம், பிரவுசரே தாண்டிப் போயிரும். rowspan="2"ன்னா "நான் ரெண்டு வரிசையில எடம் பிடிச்சிருக்கேன்"னு அர்த்தம். அதனால நான் சொல்ற பேரு நிரைப்பிடி, நிரல்பிடி. "நிரைப்பிடி 2"ன்னு படிச்சா எத்தன நிரைய பிடிக்குதுன்னு கணக்கு வருது, எந்தப் பக்கம் நீளுதுன்னு யோசிக்க வேண்டாம். ரெண்டு நிரைய பிடிக்கணும்னா கீழதானே எறங்கணும், உன் மொதக் கேள்விக்கும் இதுதான் பதில்.

இப்ப உன் படம். தலைவரிசையில மூணு கட்டம்தான் தெரியுதுன்னு மூணு காலம்னு நினைச்சிராத. ஒரு ஸ்கேல எடுத்து படத்துல இருக்குற ஒவ்வொரு நெட்டுக்கோட்டையும் மேலருந்து கீழவரைக்கும் நீட்டிப் பாரு, பாதில நிக்கிற கோட்டையும் சேத்து. வெளிக்கோடு ரெண்டையும் சேத்து அஞ்சு கோடு வரும், அப்போ நாலு காலம். தலை இப்படி:

```
<thead>
<tr>
  <th rowspan="2">கோட்டம்</th>
  <th rowspan="2">வட்டம்</th>
  <th colspan="2">வந்த கட்டுரை</th>
</tr>
<tr><th>பையன்</th><th>பொண்ணு</th></tr>
</thead>
```

ரெண்டாவது வரிசையில ரெண்டே ரெண்டு கட்டம்தான், மிச்ச ரெண்டுலயும் மேலருந்து துண்டு கிடக்கு. உடம்பும் அதே மாதிரி:

```
<tbody>
<tr>
  <th rowspan="2">நாகர்கோவில்</th>
  <td>அகஸ்தீஸ்வரம்</td><td>14</td><td>22</td>
</tr>
<tr><td>தோவாளை</td><td>9</td><td>11</td></tr>
</tbody>
```

ஒவ்வொரு `<tr>`க்கும் ஒரு கூட்டல் போடு, மேலருந்து வந்து கிடக்குற துண்டு எத்தன, கூட இந்த வரிசையில எழுதுன கட்டங்களோட நிரல்பிடி எத்தன, ரெண்டும் சேந்து நாலு வரணும். தோவாளைக்கு 1 கூட 3, நாலு. அது வந்தா அந்த வரிசை சரி.

அனுப்புனது: மார்த்தாண்டம்

நானும் இதத்தான் கேக்கணும்னு இருந்தேன். எங்க மகளிர் குழு வரவு செலவு எக்ஸெல்ல இருக்கு, மாசம் பேர எல்லாம் மெர்ஜ் பண்ணி வச்சிருக்காங்க, வரிசைப்படுத்த சார்ட் பண்ணுனா எல்லா கட்டமும் ஒரே அளவுல மெர்ஜ் ஆகணும்னு சொல்லி நிக்குது. மெர்ஜ எப்படி எடுக்கிறது?

அனுப்புனது: குழித்துறை

எக்கா, அது வேற விசயம். அன்மெர்ஜ் குடுத்துட்டு ஒவ்வொரு வரிசையிலயும் மாசம் பேர திரும்ப எழுதிருங்க, சார்ட் பண்ற ஷீட்டுல மெர்ஜே வேண்டாம். இங்க நாங்க கண்ணால பாக்குறதுக்கான டேபிள பேசிட்டு இருக்கோம்.

அனுப்புனது: தக்கலை டைப்பிங் சென்டர்

அண்ணாச்சி கொள்ளாம், நாகர்கோவில் சரியா வந்துட்டு. ஆனா எல்லா வட்டத்தையும் ஒரே `<tbody>`ல போட்டு பத்மநாபபுரத்துக்கு கை தவறி rowspan="5" போட்டுட்டேன், மொத்தம் வரிசை அப்படியே ஒரு காலம் வலப்பக்கம் நகந்துட்டு. இன்னொண்ணு, கிள்ளியூர்ல இருந்து கட்டுரையே வரல, படத்துல பையன் பொண்ணு ரெண்டுக்கும் நடுவுல கோடு இல்லாம "வரவில்லை"ன்னு எழுதியிருக்கு. அதுக்கு colspan="2" போட்டேன், "வரவில்லை"யும் 8-ன்னு ஒரு எண்ணும் ஒண்ணுமேல ஒண்ணா ஏறி நிக்கி, படிக்க முடியல.

அனுப்புனது: குழித்துறை

அந்த 8 எங்கருந்து வந்துதுன்னு பாரு. திருவட்டாறு வரிசையில கடைசி கட்டத்துல rowspan="2" கிடக்குதான்னு தேடு, காப்பி பேஸ்ட்ல வந்திருக்கும். அவரு கிள்ளியூர் வரிசையோட நாலாவது சீட்டுல துண்டு போட்டுட்டாரு. "வரவில்லை" மூணாவது சீட்டு காலியா இருக்குன்னு போயி உக்காந்தது, அதுக்கு ரெண்டு சீட்டு வேணும், நாலாவதுல ஆளு இருக்கான்னு பாக்காம சாஞ்சிருச்சு. முதல் சீட்டு காலியான்னு மட்டுந்தான் பிரவுசர் பாக்கும், அதுக்கப்புறம் அகலத்துக்கு பாக்காது. ஒரே எடத்துக்கு ரெண்டு கட்டம்ங்கிறது HTML விதிப்படி தப்பு, வேலிடேட்டர்ல போட்டா சொல்லும், ஆனா பிரவுசர் வாய தெறக்காம ஒண்ணுமேல ஒண்ணா வரைஞ்சிரும். திருவட்டாறு வரிசையில கிடக்குற அந்த rowspan="2"-ஐ எடுத்துரு. கூட்டல் போட்டிருந்தா 2 கூட 3, அஞ்சுன்னு வந்திருக்கும்.

பத்மநாபபுரத்துக்கு 5 போட்டதுல மொத்தம் வரிசையும் அந்தக் கோட்டத்துக்குள்ள போயிட்டு. நிரைப்பிடி கூடிப்போனா அடுத்த வரிசை வலப்பக்கம் தள்ளும், குறைஞ்சுபோனா அடுத்த வரிசை இடப்பக்கம் சரியும், வட்டம் பேரு கோட்டம் காலத்துக்கு கீழ வந்து நிக்கும். நான் என்ன செய்வேன்னா கோட்டத்துக்கு ஒரு `<tbody>`, மொத்தத்துக்கு `<tfoot>`. நிரைப்பிடி தன்னோட குழுவத் தாண்டிப் போகாது, நீ 5 போட்டாலும் tbody முடியுற எடத்துல பிரவுசர் வெட்டிரும். rowspan="0" போட்டா குழு முடியுற வரைக்கும்னே அர்த்தம், ஆனா எனக்கு அது பிடிக்கல, எண்ணிப் போட்டாத்தான் அடுத்து பாக்குறவனுக்கு புரியும்.

```
<tr><td>கிள்ளியூர்</td><td colspan="2">வரவில்லை</td></tr>
</tbody>
<tfoot>
<tr><th colspan="2">மொத்தம்</th><td>55</td><td>73</td></tr>
</tfoot>
```

கோட்டத்துக்கு தனித்தனி tbody வச்சா அந்த `<th>`ல scope="rowgroup"னு போட்டுரு, ஸ்க்ரீன் ரீடர்ல கேக்குறவங்களுக்கு கிள்ளியூர் எந்த கோட்டம்னு தெரியறதுக்கு அது உதவும்.

அனுப்புனது: நாகர்கோவில் கணக்கு வாத்தியார்

துண்டு உதாரணம் பிரமாதம், ஆனா நிரைப்பிடிங்கிற சொல்லுல எனக்கு ஒரு தயக்கம். கைப்பிடி, கத்திப்பிடின்னா நாம பிடிக்கிற பாகம். நிரைப்பிடின்னா நிரையோட பிடின்னு ஆயிராதா? தொழிலச் சொல்லணும்னா நிரைப்பிடிப்பு. இல்லன்னா நேரா திசையவே சொல்லி கீழ்நீட்சி, வலநீட்சின்னு வச்சா தக்கலை தம்பி நோட்டுல எழுதி ஒட்ட வேண்டிய அவசியமே இல்ல.

அனுப்புனது: குழித்துறை

சார், அரபி, உருது பக்கத்துல dir="rtl" போட்டா முதல் காலமே வலது ஓரத்துல வரும், colspan இடப்பக்கம் நீளும். வலநீட்சி அங்க பொய்யாயிரும். பக்கநீட்சின்னா ஒத்துக்கிடலாம். ஆனா எத்தனைங்கிறது அதுல ஒட்ட மாட்டேங்குது பாருங்க, "கீழ்நீட்சி 2"ன்னா ரெண்டு வரிசை கூடுதலா நீளுதா, தன்னையும் சேத்து ரெண்டான்னு கேள்வி வரும். rowspan-ல தன் வரிசையும் சேத்துத்தான் கணக்கு.

அனுப்புனது: குளச்சல்

என் பழைய பேஜெல்லாம் இப்பதான் தெறந்து பாத்தேன். கோட்டம் மாதிரி இடத்துல எல்லாம் காலி கட்டம்தான் கிடக்கு, கோட்ட மறைக்க பார்டர எடுத்துட்டு விட்டிருக்கேன், அதான் யாரும் குறை சொல்லல போல. ஒரு சந்தேகம், படத்துலயே அப்படி பார்டர மறைச்சு வச்சிருந்தா அது ஒட்டுன கட்டமா, சும்மா காலி கட்டமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

அனுப்புனது: குழித்துறை

பேரு ரெண்டு வரிசைக்கும் நடுவுல தொங்குனா பெரும்பாலும் ஒட்டுனது. மேல் வரிசையோட ஒட்டி நின்னா படத்த மட்டும் பாத்து சொல்ல முடியாது, சிலர் ஒட்டிட்டு மேலயே எழுதுவாங்க. இதுல கோட்டம்னு நமக்கு தெரியும், அதனால தப்பிச்சோம். தெரியாத கணக்கா இருந்தா குடுத்தவங்ககிட்ட போன் போட்டு கேட்டுரணும்.

அனுப்புனது: தக்கலை டைப்பிங் சென்டர்

எல்லாம் நேரா நிக்கி அண்ணாச்சி, 8-ம் போயிட்டு. நோட்டுல நிரைப்பிடின்னு எழுதி பக்கத்துல ஒரு துண்டு படம் வரைஞ்சு வச்சிருக்கேன். வாத்தியார் சார் நிரைப்பிடிப்புன்னு முடிவு பண்ணுனா ஒரு "ப்பு" சேத்துக்கிடுதேன், எடம் விட்டுத்தான் எழுதியிருக்கேன்.