‘பீட் கட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

மலர்விழி எழுதியது:

அன்புடையீர், வணக்கம்.

மாலை வகுப்புக்கான கையேட்டின் நான்காம் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தனுஷ்கோடிப் பயணத்தில் எடுத்த ஷாட்டுகளை ஒரு பாட்டின் மேல் அடுக்கி, ஒரு நிமிடத் தொகுப்பாக்குவதுதான் பாடம். பாட்டில் பீட் விழும் இடத்திலேயே ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும்படி வெட்டுவதை மாணவர்கள் ‘பீட் கட்’ என்கிறார்கள். நான் ‘தாளவெட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் முழுதாக ஒப்பவில்லை.

பெயர் ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவர் எடுத்துக்கொண்ட பாட்டில் நிமிடத்துக்கு 96 பீட். அவருடைய படம் நொடிக்கு 25 பிரேம். அப்படியானால் ஒரு பீட்டுக்கு 15.625 பிரேம் வருகிறது. அவர் பின்னத்தைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு ஷாட்டையும் 15 பிரேமுக்கு வெட்டி வரிசையாக அடுக்கிவிட்டார். முதல் இரண்டு மூன்று வெட்டுகளில் ஒன்றும் தெரியவில்லை. பதினாறு பீட் கழியும் இடம் 250ஆம் பிரேம். அவருடைய வெட்டோ 240இலேயே வந்து நிற்கிறது. பத்தே நொடியில் படம் பாட்டை விட்டு 0.4 நொடி முன்னால் ஓடிவிட்டது. “பாட்டில்தான் கோளாறு” என்று அவர் சாதித்தார். முந்தைய வெட்டிலிருந்து எண்ணாமல், ஒவ்வொரு வெட்டையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே எண்ணி 16, 31, 47 என்று அருகிலுள்ள பிரேமில் வைத்தால் பிழை சேராது. இதை எழுதும்போது ‘பீட்’ என்றும் ‘கட்’ என்றும் வரிக்கு வரி வருகிறது.

நூர்ஜஹான் எழுதியது:

இதற்குத்தான் ‘ஒத்திசைவு’ என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறதே, மலர்விழி. டப்பிங் பயிற்சியில் உதட்டசைவும் குரலும் பொருந்துவதை நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். என் மாணவி ஒருத்திக்கு ‘ம’, ‘ப’ வரும் இடங்களில் மட்டும் பொருந்தாமல் போகும். உதடு மூடும் எழுத்துகள் என்பதால் அங்கே ஏமாற்ற முடியாது.

மலர்விழி எழுதியது:

அக்கா, இதில் பேசும் உதடே கிடையாது. பேருந்துச் சன்னலில் பாம்பன் பாலம், இடிந்த தேவாலயம், அரிச்சல்முனை அலை, அவ்வளவுதான்.

பரிதி எழுதியது:

‘தாளவெட்டு’ பிழையான சொல். தாளம் என்பது முழுச் சுற்று. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை இருக்கிறது. தாளவெட்டு என்றால் எட்டுக்கு ஒருமுறை வெட்டுவது என்றே தாளம் அறிந்தவன் கொள்வான். பீட் என்பதோ ஒற்றைத் தட்டு. சிலம்பின் அரங்கேற்று காதை உரையில் ‘கொட்டும் அசையும் தூக்கும் அளவும்’ என்று வருவதை இக்குழுவினருக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அவற்றில் கொட்டு அரை மாத்திரை, ஆகச் சிறியது. ஆகவே ‘கொட்டுவெட்டு’. கொட்டு, குட்டு, கொத்து, குத்து யாவும் ஒரு வேரின் கிளைகளே என்பது என் துணிபு. மேலிருந்து விழுந்து தாக்கும் பொருள் எல்லாவற்றிலும் உண்டு. மண்வெட்டியைக் கொட்டு என்னும் வழக்கும் உண்டு. அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கஜன் எழுதியது (ரொறன்ரோ):

பரிதி ஐயா, விரிவாக எழுதுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். நான் இங்கே கலியாணக் காணொளிகள் செய்கிறவன். வாடிக்கையாளரிடம் ‘கொட்டுவெட்டு’ என்று கதைத்தால், தவில்காரரைத்தான் வெட்டப்போகிறேன் என்று நினைப்பார்கள். ‘பீட் கட்’ என்றால் பாட்டிக்கும் விளங்குகிறது. மலர்விழி, கணக்குப் போடுவதும் வீண் வேலை. ஒலி அலைவடிவப் படத்தில் எங்கெல்லாம் கூர்முனை உயர்கிறதோ அங்கெல்லாம் வெட்டினால் போதும்.

அருளப்பன் எழுதியது:

தம்பி கஜன் சொல்வது டிரம் மட்டும் ஒலிக்கும் பாட்டுக்குப் பொருந்தும். பாடகர் ஓங்கிப் பாடும் எழுத்தும் கூர்முனையாகத்தான் தெரியும். அது பீட்டில் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய பாட்டுகளில் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்ததால் நடையே சற்று இளகும், இறுகும். அங்கே மலர்விழியின் வகுத்தல் கணக்கும் பாதியில் கைவிட்டுவிடும். பாட்டை ஓடவிட்டு, காதால் கேட்டு `M` விசையைத் தட்டிக் குறியிட்டு, பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கிச் சரிபார்ப்பதே நான் நம்பும் வழி. புளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். ஒலி தாமதமாக வருவதால் குறிகளும் தாமதமாகும். எல்லாக் குறிகளும் ஒரே அளவு பிந்தியிருந்தால் கருவியின் தாமதம் என்று கொண்டு மொத்தமாக முன்னே நகர்த்தலாம். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் அது நம் கை.

சொல்லைப் பற்றி எனக்கு வேறொரு ஐயம். அந்த மாணவரின் தொகுப்பை மலர்விழி எனக்கு அனுப்பியிருந்தார். திருத்திய பிறகு, அலை ஷாட்டை அவர் 250ஆம் பிரேமில் சரியாக வெட்டியிருக்கிறார். ஆனால் அந்த ஷாட்டில் அலை கல்லில் மோதுவது 22 பிரேம் கழித்து. அதாவது மோதல் 272இல், இரண்டு பீட்டுகளுக்கு நடுவே விழுகிறது. வெட்டு பீட்டில் இருந்தும் காட்சி தொய்வாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஷாட்டின் தலையில் ஆறு பிரேமை நறுக்கிவிட்டு, முந்தைய பீட்டான 234இல் தொடங்கச் செய்தேன். 250இல் அலை மோதியது. பாட்டும் அங்கேயே அடித்தது. கண் காண்பது மோதலை, வெட்டை அன்று. அப்படியிருக்க, பெயரில் ‘வெட்டு’ எதற்கு?

கூடவே ஒரு பழைய நினைவு. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்; நொடிக்கு 24 பிரேம் ஓடும். பாட்டு நிமிடத்துக்கு 90 பீட்டாக இருந்தால் ஒரு பீட் சரியாக ஓர் அடி நீளம். மூவியோலா என்ற பிலிம் தொகுப்புக் கருவியில் கிரீஸ் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போவேன். கோட்டுக்குக் கோடு ஓரடி நிற்கும்.

பரிதி எழுதியது:

ஆகா! பாட்டுக்கு அடி, பிலிமுக்கு அடி, மேளத்துக்கும் அடி. கொட்டைக் கைவிடுகிறேன், ‘அடிவெட்டு’ என்றே கொள்வோம்.

கஜன் எழுதியது:

அடியும் வெட்டுமா? இது படத்தொகுப்பா, ஊர்ச் சண்டையா?

மலர்விழி எழுதியது:

பீட்டுக்கு ஓரிரு பிரேம் முன்னதாகவே வெட்டுவதும் உண்டே, ஐயா. சங்கீதத்தில் தாளத்துக்கு முன்பே பாட்டைத் தொடங்குவதை அதீத எடுப்பு என்பார்கள். பிறகு தொடங்கினால் அனாகதம். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளலாமா?

பரிதி எழுதியது:

இரண்டும் வடசொற்கள். ‘முன்னெடுப்பு’, ‘பின்னெடுப்பு’ போதும்.

அருளப்பன் எழுதியது:

முன்னெடுப்பை அரசு அறிக்கைகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன, பரிதி. ‘பல்வேறு முன்னெடுப்புகள்’ என்று படித்துப் பழகியவர், ஷாட்டை இரண்டு பிரேம் முன்னே தள்ளுவது என்று புரிந்துகொள்வாரா?

மலர்விழி எழுதியது:

வியாழன் இரவு பத்து மணி ஆகிறது. தாளவெட்டுக்கு நூர்ஜஹான் அக்கா, அரைமனத்தோடு கஜன், நான் என மூவர். அடிவெட்டுக்குப் பரிதி ஐயா ஒருவர். வெட்டே வேண்டாம் என்று அருளப்பன் ஐயா. கையேட்டில் தாளவெட்டு என்றே போகிறது. அலை ஷாட்டுக்கு மட்டும் பெயர் எதுவும் வைக்காமல், “எந்த அசைவு பீட்டில் விழ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஷாட்டின் தொடக்கத்தை வெட்டுக” என்று எழுதிவிட்டேன்.

பரிதி எழுதியது:

அந்த வாக்கியத்திலும் ‘பீட்’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.