ஆங்கரேஜுக்குப் பின்னால் விரிசல்: ஸ்பைரல் நகர்ந்திருந்தது

உச்சிப்புளி சைட் இன்ஜினியர்
தேவிபட்டினம் பக்கம் ஒரு பாலத்துக் கர்டரின் கேபிளை இழுத்தோம். 12 ஸ்ட்ராண்டு கேபிள், ஜாக் விசை 1,650 கிலோ நியூட்டன். முக்கால்வாசி விசை ஏறியபோது கர்டர் முனையின் பக்கவாட்டில், கேபிள் போகிற கோட்டிலேயே மயிரிழை விரிசல் விட்டது. ஆங்கரேஜ் தட்டை ஒட்டி ஒன்றுமில்லை, நாலு அங்குலம் உள்ளே தள்ளித்தான் தொடங்கியது. இழுப்பை நிறுத்தி அழுத்தத்தை இறக்கினோம். கியூப் சோதனையில் குறையில்லை. கொத்திப் பார்த்தால், ஆங்கரேஜுக்குப் பின்னால் சுற்றி வைக்கிற ஸ்பைரல் கம்பியின் முதல் சுற்றே தட்டிலிருந்து 180 மி.மீ. தள்ளிக் கிடந்தது. கேபிள் போகிற ஷீத்திங் குழாயில் மட்டும் கட்டியிருக்கிறார்கள். வைப்ரேட்டர் பட்டதும் வழுக்கிவிட்டது.

மண்டபம் வாசி
அண்ணே, எங்கள் ஜெட்டியிலும் இதேதான். ஆனால் விரிசல் இரண்டு ஆங்கரேஜுக்கு நடுவே, முகப்பிலேயே இருந்தது.

ஓய்வுபெற்ற டிசைனர்
தம்பி, உங்களுடையது வேறு. அது முகப்பு உரிவது; அதற்கு முகப்பை ஒட்டி மெஷ் வேண்டும். உச்சிப்புளிக்காரர் சொல்வதுதான் வெடிப்பு விசை. தட்டில் குவிந்த அழுத்தம் உள்ளே போகப் போக விரியும்போது கான்கிரீட்டைக் குறுக்கே பிளக்கப் பார்க்கும். ஐஎஸ் 1343 கணக்கு:

```
Fbst = Pk (0.32 - 0.3 ypo/yo)
```

Pk உங்கள் ஜாக் விசை. தட்டின் பக்கம் ypo 200 மி.மீ., கர்டர் முனையின் பக்கம் yo 400 மி.மீ. என்றால் விகிதம் 0.5. விசை ஏறக்குறைய 280 கிலோ நியூட்டன். இதைத் தாங்கும் கம்பி, தட்டிலிருந்து 40 முதல் 400 மி.மீ. வரை பரவி இருக்க வேண்டும். உங்கள் ஸ்பைரல் அதன் முன்பகுதியை விட்டே போய்விட்டது.

பரமக்குடி ஜூனியர்
500 கிரேடு கம்பிக்கு அதன் வலிமையில் 0.87 பங்கு எடுத்தால் 645 சதுர மி.மீ. ஒரு சுற்றுக்கு இரண்டு கால், அதனால் 12 மி.மீ. கம்பியில் மூன்று சுற்றே போதுமே சார்?

ஓய்வுபெற்ற டிசைனர்
கம்பிக்கு மேல் கான்கிரீட் கவர் 50 மி.மீ.க்குக் குறைந்தால் அது செல்லாது. விரிசல் அகலமாகாமல் இருக்க, கம்பியின் தகைவை 200 மெகாபாஸ்கலில் நிறுத்தச் சொல்கிறது கோட். அப்போது 1,400 சதுர மி.மீ. வேண்டும். 12 மி.மீ. கம்பியில் ஏழு சுற்று, 60 மி.மீ. இடைவெளி; 20 மி.மீ. ஜல்லி தாராளமாக இறங்கும். 30 இடைவெளியில் நெருக்கினால் ஜல்லி உள்ளே இறங்காது, தட்டுக்குப் பின்னால் கான்கிரீட்டில் தேன்கூடு போல் ஓட்டை விழும்.

பரமக்குடி ஜூனியர்
எங்கள் வரைபடத்தில் கவர் 75 சார். அப்போது 0.87 எடுக்கலாம்தானே?

ஓய்வுபெற்ற டிசைனர்
கோட்படி எடுக்கலாம். உப்புக்காற்றில் ஆங்கரேஜ் பக்கம் விரிசல் விட்டால் கேபிள் நுனிக்கே துரு போகும். இந்தக் கடற்கரையில் நான் 200-தான் எடுப்பேன்.

உச்சிப்புளி சைட் இன்ஜினியர்
எங்கள் ஆலோசகர் 0.87-லேயே நிற்கிறார், பேச்சு நடக்கிறது. முனையைக் கொத்தி மறுபடி வார்த்தோம். இப்போது முதல் சுற்றை ஸ்டிரப் கூட்டில் நாலு இடத்தில் கட்டுகிறோம். தட்டோடு வெல்டு வைக்கலாமா?

ஓய்வுபெற்ற டிசைனர்
ஸ்ட்ராண்டு கோக்கும் முன் மட்டும். கோத்த பிறகு ஒரு பொறி பட்டாலும் அந்த ஸ்ட்ராண்டை மாற்றிவிடுங்கள்.